பெல்ட்டா, லீட் ஸ்க்ரூவா: 300 மி.மீ. அச்சு ஒன்றுக்கான கணக்கு

சர்க்யூட் போர்டில் 0603 அளவு ரெசிஸ்டர்களை எடுத்து வைக்கும் சிறிய இயந்திரம் ஒன்றின் கிடைமட்ட அச்சை எடுத்துக்கொள்வோம். அந்த ரெசிஸ்டர் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். அச்சின் ஓட்டம் 300 மி.மீ., வண்டியின் எடை 600 கிராம், வேகம் நொடிக்கு 300 மி.மீ., முடுக்கம் 5 மீ/நொடி². மோட்டார் வழக்கமான நீமா 17 ஸ்டெப்பர், 1.8 டிகிரி, பிடிப்பு முறுக்குவிசை 0.4 நியூட்டன் மீட்டர். உதிரிகள் இரு பக்கத்து ரீல்களிலிருந்தும் வருவதால், வண்டி ஒரே புள்ளிக்கு இடமிருந்தும் வலமிருந்தும் வந்து நிற்கும். இரண்டு வருகைக்கும் நடுவே 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "பெல்ட் வேகம், ஸ்க்ரூ துல்லியம், துல்லியம் வேண்டுமென்றால் ஸ்க்ரூ போடுங்கள்." இந்த அச்சுக்கு அது தவறான பதில். காரணம், பேக்லாஷ் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு கோளாறுகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம். ஒன்று, உண்மையான இடைவெளி: நட்டின் மரைக்கும் ஸ்க்ரூவின் மரைக்கும் நடுவே இருக்கும் காலி இடம். திசை மாறும்போது மோட்டார் அந்த இடத்தைக் கடக்கும் வரை வண்டி அசையாது. இன்னொன்று, மீள்தன்மை: உராய்வு பிடித்து இழுப்பதால் பெல்ட் கொஞ்சம் நீண்டு, வண்டி பின்தங்கி நின்றுவிடுகிறது. டயல் கேஜில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு.

முதலில் பெல்ட். 2 மி.மீ. பிட்ச் உள்ள ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி என்றால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்வு. நொடிக்கு 300 மி.மீ. வேகத்துக்கு மோட்டார் நிமிடத்துக்கு 450 சுற்று சுற்றினால் போதும். ஸ்டெப்பருக்கு இது சுகமான வேகம். ஜிடி2-வின் வளைவான பல், திசை மாறி மாறி ஓடும் வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. நல்ல புல்லியில் அது கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் உட்காரும். எம்எக்ஸ்எல், டி2.5 போன்ற சரிவகப் பல் பெல்ட்டுகளில் பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இடம் இருக்கும். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய பெல்ட்டை இந்த வேலைக்குப் போடுவதற்கு முன் பல்லின் வடிவத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆக, ஜிடி2 பெல்ட்டில் இடைவெளி கவலை இல்லை. கவலை அதன் நீட்சி. எவ்வளவு நீளும் என்பதை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. ஒரே பெயரில் விற்கும் பெல்ட்டுகளின் உள் இழையும் தரமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மீட்டர் துண்டை மேலிருந்து தொங்கவிட்டு, முதலில் அரைக் கிலோ கட்டி நேராக்கி, பிறகு இன்னொரு கிலோ சேர்த்து, கீழ் முனை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 6 மி.மீ. அகலப் பெல்ட் 0.5 மி.மீ. இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடை சுமார் 10 நியூட்டன். அதாவது ஒரு மீட்டர் பெல்ட்டின் விறைப்பு, மி.மீ. ஒன்றுக்கு 20 நியூட்டன். நீளம் குறையக் குறைய அதே விகிதத்தில் விறைப்பு கூடும்.

இப்போது அச்சில் பொருத்திப் பார்க்கலாம். மோட்டார் ஒரு முனையில், ஐட்லர் மறு முனையில், பெல்ட்டின் மொத்த நீளம் சுமார் 900 மி.மீ. வண்டியை இரண்டு துண்டுகள் பிடித்திருக்கின்றன: மோட்டாரிலிருந்து நேராக வரும் துண்டு ஒன்று, ஐட்லரைச் சுற்றி வரும் துண்டு இன்னொன்று. இரண்டும் இழுவையில் இருக்கும் வரை இரண்டின் விறைப்பையும் கூட்டிக்கொள்ளலாம்.

```
k = 20 × (1/L1 + 1/L2)     L1, L2 மீட்டரில்; k N/mm-இல்

L1 = 0.10, L2 = 0.80  →  k = 225
L1 = 0.25, L2 = 0.65  →  k = 111
L1 = 0.40, L2 = 0.50  →  k = 90
```

வண்டி மோட்டாருக்கு அருகில் இருக்கும்போது பெல்ட் விறைப்பாகவும், தூரப் போகப் போக இளகியும் நிற்கிறது. வண்டியை நகர்த்தத் தேவையான உராய்வு 3 நியூட்டன் என்றால், ஒவ்வொரு திசையிலும் அந்த அளவுக்குப் பெல்ட் நீண்டு நிற்கும். இரு திசைக்கும் சேர்த்து வித்தியாசம் 6 நியூட்டனுக்கு உரியது. மோட்டாருக்கு அருகில் 0.027 மி.மீ., நடுவில் 0.054, தூர முனையில் 0.067. இது மோசமான நிலைக்கான கணக்கு. வேகமாக வந்து நிற்கும்போது ஏற்படும் அதிர்வில் பெல்ட் தன்னைத் தானே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளும். அதனால்தான் வேகத்தை மாற்றினால் அளவும் மாறுகிறது.

மோட்டாரும் ஒரு ஸ்பிரிங்தான். ஸ்டெப்பரின் சுழலி காந்த விசையில் மிதக்கிறது. சுமை வந்தால் கொஞ்சம் விலகித்தான் எதிர்த்துப் பிடிக்கும். 20 பல் புல்லியில் 0.4 நியூட்டன் மீட்டர் என்பது பெல்ட்டில் 63 நியூட்டன் இழுவை. முழு ஸ்டெப் ஒன்று 0.2 மி.மீ. 3 நியூட்டன் உராய்வுக்கு விலகல் சுமார் 0.006 மி.மீ., இரு திசைக்கும் சேர்த்து 0.012. 16 மைக்ரோஸ்டெப் போட்டு "ஒரு மைக்ரோஸ்டெப் 0.0125 மி.மீ." என்று சொல்லிக்கொள்வதில் பெரிய பொருள் இல்லை, உராய்வே அந்த அளவை விழுங்கிவிடுகிறது. தூர முனையில் மொத்தம் 0.079 மி.மீ. நமக்கு வேண்டியது 0.05. அப்படியே விட்டால் பெல்ட் தோற்றுவிடும்.

சரி, ஸ்க்ரூவுக்கு வருவோம். கடைகளில் எளிதாகக் கிடைப்பது டி8: விட்டம் 8 மி.மீ., பிட்ச் 2 மி.மீ., நான்கு தொடக்க மரை, எனவே லீட், அதாவது ஒரு சுற்றுக்கான நகர்வு, 8 மி.மீ. அதன் மரையடி விட்டம் சுமார் 5.5 மி.மீ. இந்த எஃகுத் தண்டை 400 மி.மீ. நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் விறைப்பு மி.மீ. ஒன்றுக்கு ஏறக்குறைய 12,000 நியூட்டன். பெல்ட்டின் 90-ஐ இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. 3 நியூட்டன் உராய்வு ஸ்க்ரூவை ஒன்றுமே செய்யாது. ஸ்க்ரூவுக்குத் துல்லியம் என்ற பெயர் வந்தது இந்த விறைப்பால்தான்.

ஆனால் இந்த விறைப்பு வண்டிக்குப் போய்ச் சேரும் வழியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: பித்தளை நட். சாதாரண நட்டில் 0.1 மி.மீ. ஆட்டம் என்பது அதிசயமே இல்லை. இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை: மோட்டாரின் தண்டே முன்னும் பின்னும் அசையும். நீமா 17 மோட்டாரின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில், 450 கிராம் சுமைக்கு அச்சுவாக்கில் 0.08 மி.மீ. வரை அசைவு என்று போட்டிருக்கும். உள்ளே பேரிங்கை அழுத்தி வைத்திருப்பது அலைபோல் வளைந்த ஒரு வாஷர்தான். ஸ்க்ரூவைக் கப்ளிங் வழியாக நேராக மோட்டாரில் மாட்டி, மறு முனையைச் சும்மா விட்டால், வண்டியைத் தள்ளும் விசை முழுவதும் இந்த வாஷர் மேல்தான் விழும். அலுமினியத்தில் சுருளாக வெட்டிய கப்ளிங் என்றால் அதுவும் நீளவாக்கில் நீண்டு சுருங்கும். விலை அதிகமான ஆன்டி-பேக்லாஷ் நட் வாங்கிப் போட்டும் கேஜில் அளவு குறையவில்லை என்றால், தேட வேண்டிய இடம் இதுதான். மோட்டார் தண்டின் முனையில் கேஜை வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். கேஜ் முள் அசைந்தால் குற்றவாளி நட் இல்லை.

இதற்குச் சரியான வழி, ஸ்க்ரூவுக்கென்று தனிப் பேரிங். 8 மி.மீ. துளை உள்ள 608 பேரிங் இரண்டை ஒரு கட்டையில் முதுகோடு முதுகாக வைத்து, இரு பக்கமும் ஷாஃப்ட் காலர் போட்டு, ஆட்டம் போகும் வரை மட்டும் நெருக்கி இறுக்க வேண்டும். காலர் அழுத்தம் உள் வளையத்தில் மட்டும் படட்டும். வெளி வளையத்தில் உரசினால் ஸ்க்ரூ கனக்கும். அதன் பிறகு கப்ளிங்குக்கு வேலை ஒன்றுதான்: சுழற்றுவது. தள்ளுவிசையை பேரிங் கட்டை தாங்கிக்கொள்ளும்.

நட்டின் ஆட்டத்துக்கு, ஸ்பிரிங் வைத்த இரட்டை நட். இரண்டு பாதிகளையும் ஸ்பிரிங் எதிரெதிராகத் தள்ளி, மரையின் இரு பக்கத்திலும் தொடவைக்கும். இதில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே: ஸ்பிரிங்கின் விசை, வண்டியை இயக்கும் மொத்த விசையைவிட அதிகமாக இருக்கிறதா? நம் அச்சில் 0.6 கிலோவை 5 மீ/நொடி²-க்கு முடுக்க 3 நியூட்டன், உராய்வுக்கு 3 நியூட்டன், ஆக 6. ஸ்பிரிங் 10 நியூட்டன் தந்தால் நட் பிடித்து நிற்கும். 4 தந்தால், மெதுவாக ஓட்டிச் சோதிக்கும்போது அருமையாக இருக்கும். முழு முடுக்கத்தில் ஒரு திசையில் மட்டும் ஸ்பிரிங் அமுங்கி ஆட்டம் திரும்ப வந்துவிடும். கனமான ஸ்பிரிங் போட்டால் உராய்வு கூடி நட் சீக்கிரம் தேயும். தேய்மானம் பெரும்பாலும் வண்டி அடிக்கடி ஓடும் நடுப்பகுதியில் நிகழ்வதால், சில மாதம் கழித்து ஸ்க்ரூவின் நடுவில் ஓர் அளவும் ஓரத்தில் வேறு அளவும் காட்டும்.

இத்தனையும் சரிசெய்தால் 0.05 மி.மீ. ஸ்க்ரூவுக்கு எட்டக்கூடியதுதான். அது தோற்பது வேறு இடத்தில்: வேகத்தில். 8 மி.மீ. லீடில் நொடிக்கு 300 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 2,250 சுற்று. 24 வோல்ட்டில் ஓடும் நீமா 17-க்கு அந்த வேகத்தில் கொஞ்சம் முறுக்குவிசைதான் மிஞ்சும். ஸ்க்ரூவே துள்ள ஆரம்பிக்கும் எல்லை ஒன்றும் உண்டு. 5.5 மி.மீ. மரையடி, 400 மி.மீ. நீளம், ஒரு முனை பிடிப்பில், மறு முனை சும்மா என்றால் பாதுகாப்பான எல்லை 1,150 சுற்று அளவில்தான் நிற்கும். இரு முனைக்கும் பேரிங் கொடுத்தால் 3,300-ஐ ஒட்டிப் போகும். ஆகவே மறு முனைக்குப் பேரிங் இல்லாமல் இந்த வேகத்தை நினைக்கவே கூடாது. பேரிங் போட்டாலும் மோட்டார் கைவிட்டுவிடும். 2 மி.மீ. லீட் ஸ்க்ரூ என்றால் 9,000 சுற்று வேண்டும், பேச்சே இல்லை. உங்கள் அச்சுக்கு நொடிக்கு 100 மி.மீ. போதுமென்றால் கதை மாறும்: 750 சுற்றில் ஸ்க்ரூ அழகாக ஓடும், அப்போது ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு 300 வேண்டும். எனவே 0.079-இல் நிற்கும் பெல்ட்டை 0.05-க்குள் கொண்டுவர வேண்டும். 9 மி.மீ. அகலப் பெல்ட் போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்காகி, தூர முனையில் 0.044, மோட்டாரின் 0.012 சேர்த்து 0.056. இன்னும் கொஞ்சம் வெளியே. பெல்ட்டை மாற்றாமல் உராய்வை 3 நியூட்டனிலிருந்து 1.5-க்கு இறக்கினால்? பெல்ட்டின் பங்கு 0.033, மோட்டாரின் பங்கு 0.006, மொத்தம் 0.039. எல்லைக்குள் வந்துவிட்டது, அதுவும் செலவில்லாமல். பெல்ட் அச்சின் துல்லியம் தண்டவாளத்தின் உராய்வில் இருக்கிறது. பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தொங்கு தராசால் வண்டியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். 100 கிராம் காட்டினால் ஏறக்குறைய ஒரு நியூட்டன். ஒரு முனையில் 120 கிராம், மறு முனையில் 350 கிராம் என்று வந்தால் இரண்டு தண்டவாளங்களும் இணையாக இல்லை. ஒரு தண்டவாளத்தை முழுக்க இறுக்கிவிட்டு, மற்றதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை ஒரு முனைக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கும் போல்ட்டை இறுக்குங்கள். மறு முனைக்கு நகர்த்தி அங்கே இறுக்குங்கள். நடுவில் உள்ளவை கடைசியில். கெட்டியான கிரீஸை எடுத்துவிட்டு லேசான எண்ணெய் விடுவதும், வண்டியோடு இழுபடும் ஒயர் கட்டை மெல்லியதாக்குவதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து இழுவை. பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. கீழ் எல்லை: வண்டியை இயக்கும் விசையில், தளரும் பக்கத்துப் பெல்ட் முற்றிலும் தொய்ந்துவிடக் கூடாது, தொய்ந்தால் இரண்டு துண்டில் ஒன்று வேலைநிறுத்தம் செய்து விறைப்பு சட்டென்று விழும். நமக்கு 6 நியூட்டனுக்கு மேல் இருந்தால் போதும். மேல் எல்லையை மோட்டாரின் பேரிங் சொல்கிறது. பெல்ட்டின் இரு பக்கமும் தண்டை இழுப்பதால் தண்டின் மேல் விழுவது இழுவையின் இரு மடங்கு. நீமா 17 டேட்டாஷீட்டுகளில் பரவலாகக் காணும் எல்லை, முகப்பிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் 28 நியூட்டன். ஆக 14-க்கு மேல் வேண்டாம். 12 நியூட்டன் வையுங்கள். புல்லியை முகப்புக்கு எவ்வளவு அருகில் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

12 நியூட்டன் என்பதைக் காதால் அளக்கலாம். பெல்ட்டை மீட்டி, போனில் உள்ள ட்யூனர் ஆப்பில் அதிர்வெண்ணைப் பார்க்க வேண்டும்.

```
f = (1 / 2L) × sqrt(T / m)

L = 0.15 m,  T = 12 N,  m = 0.0084 kg/m  →  f ≈ 126 Hz
```

`m` என்பது ஒரு மீட்டர் பெல்ட்டின் எடை, 6 மி.மீ. ஜிடி2-வுக்கு 8 கிராமைச் சுற்றி வரும், ஆனாலும் உங்கள் பெல்ட்டைத் தராசில் போட்டுப் பார்ப்பதே நல்லது. சரியாக 150 மி.மீ. நீளம் மட்டும் அதிரும்படி வண்டியை நிறுத்தி மீட்டுங்கள்.

இனி கடைசிச் சோதனை. 0.01 மி.மீ. டயல் கேஜைக் காந்தத் தாங்கியில் மாட்டி வண்டியின் மேல் வையுங்கள். முள்ளின் ஓட்டம் குறைந்தது 10 மி.மீ. இருக்கட்டும். மெதுவான வேகத்தில், ஒரே புள்ளிக்கு இரு திசையிலிருந்தும் வரச் செய்யுங்கள்.

```
G90
G1 X95 F600
G1 X100 F600
G4 P3000      ; இடமிருந்து வந்த அளவு
G1 X105 F600
G1 X100 F600
G4 P3000      ; வலமிருந்து வந்த அளவு
```

இது மார்லின் ஃபர்ம்வேருக்கு. ஜிஆர்பிஎல்-இல் `P` நொடிக் கணக்கில் வரும். அங்கே `G4 P3` என்று எழுதாவிட்டால் இயந்திரம் ஐம்பது நிமிடம் அசையாமல் நிற்கும்.

இதே சோதனையை அச்சின் மூன்று இடங்களில் செய்யுங்கள். மோட்டாரிலிருந்து தள்ளிப் போகப் போக வித்தியாசம் சீராகக் கூடினால் அது பெல்ட்டின் நீட்சியும் உராய்வும். எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் உண்மையான இடைவெளி. பெல்ட் அச்சில் அது பெரும்பாலும் புல்லியின் தளர்ந்த கிரப் ஸ்க்ரூ. மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் ஒரு கிரப் ஸ்க்ரூ உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்போதே வண்டியைத் தராசால் 2 நியூட்டன், 5 நியூட்டன், 10 நியூட்டன் என்று இழுங்கள். விசைக்கு ஏற்ற விகிதத்தில் முள் நகர்ந்தால் மீள்தன்மை. முதல் 2 நியூட்டனிலேயே நகர்வு முழுவதும் முடிந்து, அதன் பிறகு முள் ஏறக்குறைய நின்றுவிட்டால் இடைவெளி.

இந்த வேறுபாடு முக்கியமாவது ஃபர்ம்வேரில் பேக்லாஷ் ஈடுசெய்தலை இயக்கும்போது. இடைவெளி மாறாத அளவு. திசை மாறும்போது அதைக் கூட்டிக்கொள்ளச் சொன்னால் சரியாகிவிடும். நீட்சி இடத்துக்கு இடம், வேகத்துக்கு வேகம் மாறும். நடுவில் அளந்த 0.054-ஐ எல்லா இடத்துக்கும் போட்டால் மோட்டார் பக்கத்தில் அளவுக்கு மீறித் திருத்திவிடும். பெல்ட்டுக்கு நேர்மையான தந்திரம் வேறு: கடைசி வருகை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து இருக்கட்டும். வலமிருந்து வரும்போது இலக்கை 0.3 மி.மீ. தாண்டிப் போய், திரும்பி வரச் சொல்லுங்கள். சில மில்லி நொடிகள் கூடுதலாகும். அதற்குப் பதிலாக நீட்சி, மோட்டார் விலகல், மிச்சமிருக்கும் இடைவெளி எல்லாம் ஒரே திசையில் நின்று ஒன்றையொன்று அடித்துவிடும். அந்த 0.3 மி.மீ. நகர்வு, அளந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் போதும்.

இன்னொரு வகைப் பிழை இதில் எதற்கும் கட்டுப்படாது. ஒவ்வொரு 40 மி.மீ.க்கும் ஒரு முறை அளவு ஏறி இறங்கினால், புல்லியின் துளை நடுவில் இல்லை. 0.05 மி.மீ. விலகிய துளை, கூட்டியும் குறைத்தும் 0.05 மி.மீ. பிழை தரும். திசைப் பிழையை எவ்வளவு குறைத்தாலும் இது அப்படியே இருக்கும். புல்லியின் விளிம்பில் கேஜை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்துத்தான் புல்லியை வாங்கவோ திருப்பவோ வேண்டும். 2 மி.மீ.க்கு ஒரு முறை வரும் சிற்றலை, பெல்ட்டின் பல் பக்கம் வழவழப்பான சிறிய ஐட்லரில் ஓடுவதால். பல் வைத்த ஐட்லர் போட்டால் போய்விடும். ஸ்க்ரூ அச்சில் இதற்கு இணையானது 8 மி.மீ.க்கு ஒரு முறை வரும் ஆட்டம். வளைந்த ஸ்க்ரூ அல்லது கோணலான கப்ளிங்.

அதே இயந்திரத்தின் செங்குத்து அச்சில் முடிவு தலைகீழாகும். அங்கே ஓட்டம் குறைவு, வேகம் குறைவு, புவியீர்ப்பே இலவச ஸ்பிரிங்: வண்டியின் எடை நட்டை எப்போதும் மரையின் ஒரே பக்கத்தில் அமர்த்தி வைக்கும். 400 கிராம் தலை என்றால் 3.9 நியூட்டன், உராய்வு 2 நியூட்டன் போனாலும், கீழ்நோக்கிய முடுக்கம் 4 மீ/நொடி²-ஐத் தாண்டாத வரை சாதாரண நட்டே ஆட்டம் காட்டாது. லீடை மட்டும் யோசித்து எடுக்க வேண்டும். எண்ணெயிட்ட பித்தளைக்கும் எஃகுக்கும் உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால், உராய்வுக் கோணம் மரையின் சாய்வையும் சேர்த்து 9 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 8 மி.மீ. லீடின் மரைக்கோணம் 20 டிகிரி. மின்சாரம் போனால் தலை தன் எடையிலேயே இறங்கி நாசில் போர்டில் மோதும். 2 மி.மீ. லீடில் 5 டிகிரிதான், நின்ற இடத்தில் நிற்கும். 4 மி.மீ. லீட் 10 டிகிரி, எல்லையை ஒட்டியது. அதிர்வு இருந்தால் மெல்ல வழுக்கும். வேகம் போதுமென்றால் 2 மி.மீ. எடுங்கள்.

கிடைமட்ட அச்சில் வெட்டும் வேலை வந்தால் மட்டும் பெல்ட்டை மறந்துவிட வேண்டும். சிறிய மில்லிங் பிட் 20 நியூட்டன் தள்ளினாலே, மி.மீ.க்கு 90 நியூட்டன் விறைப்புள்ள பெல்ட் 0.22 மி.மீ. விலகும், உராய்வைக் குறைத்தும் ஒரே பக்கத்திலிருந்து வந்தும் அதைத் திருத்த முடியாது. அந்த வேலைக்கு 1204 பால் ஸ்க்ரூ: விட்டம் 12 மி.மீ., லீட் 4 மி.மீ., சி7 தரத்தில் 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. லீட் பிழை. வாங்கும்போது முன்னழுத்தம் கொடுத்த நட்டா என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றை நட் பால் ஸ்க்ரூவிலும் இடைவெளி உண்டு.